அரண்மனைச் சம்பளமா, டிக்கெட் வசூலா? 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைஞரின் வரவு செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரபுவிடம் வேலை பார்த்த இசைஞருக்கு உண்மையில் என்ன வேலை? எவ்வளவு சம்பளம்?

இதற்கு நம்மிடம் உள்ள நல்ல சான்று, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன் 1761 மே 1-ஆம் தேதி எஸ்தர்ஹாசி குடும்பத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம். ஹங்கேரியின் மிகப் பெரிய நிலக்கிழார்களில் ஒருவரான இளவரசர் பால் அன்டன், 29 வயது ஹைடனை இசைக்குழுவின் துணைத் தலைவராக அமர்த்தினார். ஆண்டுச் சம்பளம் 400 குல்டன். அதிகாரிகளின் பந்தியில் சாப்பாடு. அது இல்லாத நாளில் அரை குல்டன் படி.

வேலை இசை எழுதுவதோடு நிற்கவில்லை. தினமும் முற்பகலிலும் பிற்பகலிலும் இளவரசரின் முன்கூடத்துக்குப் போய், இன்றைக்கு இசை வேண்டுமா என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். சீருடை, வெள்ளைக் காலுறை, மாவு பூசிய தலைமுடி ஆகியவை கட்டாயம். குழுவினரின் சண்டையைத் தீர்ப்பது, பாடகிகளுக்குப் பயிற்சி கொடுப்பது, வாத்தியங்களையும் இசைத்தாள்களையும் பாதுகாப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அடுத்து வந்த இளவரசர் நிக்கோலாஸுக்கு பாரிட்டன் என்ற, அதிகம் பேர் வாசிக்காத தந்தி வாத்தியத்தில் மோகம். அதனால் ஹைடன் அதற்கென்றே மூவர் சேர்ந்து வாசிக்கும் டிரியோக்களை நூற்றுக்கும் மேல் எழுதினார். அந்த வாத்தியம் வழக்கொழிந்தபோது அந்த உழைப்பில் பெரும்பகுதி வாசிக்க ஆளில்லாமல் போனது.

இதை அடிமை வாழ்வு என்று சொல்லிவிடுவது சரியாகாது. கையருகே எப்போதும் ஒரு வாத்தியக் குழு இருந்தது. காலையில் எழுதியதை மாலையில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரியில்லாத இடத்தை மாற்றலாம். அந்த வசதி டிக்கெட் விற்றுப் பிழைத்த எந்த இசைஞருக்கும் கிடைக்கவில்லை.

அப்படி எழுதிய இசை யாருக்குச் சொந்தம்?

இளவரசருக்கு. ஒப்பந்தத்தின் நான்காவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: இளவரசர் கேட்கும் இசையை எழுத வேண்டும், அதை வேறு யாருக்கும் காட்டவோ, படியெடுக்க விடவோ கூடாது, இளவரசருக்குத் தெரியாமல், அவர் அனுமதியில்லாமல் பிறருக்காக எதையும் எழுதக் கூடாது.

18-ஆம் நூற்றாண்டின் மாற்றத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். "பிரபுக்கள் போனார்கள், பொதுமக்கள் வந்தார்கள்" என்று பாடநூல்கள் சுருக்குவதைவிட, எழுதிய தாளை விற்கும் உரிமை யார் கைக்குப் போனது என்று பார்ப்பதே நடந்ததைச் சரியாகக் காட்டும்.

விதி இருந்ததே தவிர, நடைமுறையில் தாள்கள் கசிந்துகொண்டுதான் இருந்தன. 1764-இலேயே, நால்வர் சேர்ந்து வாசிப்பதற்காக ஹைடன் எழுதிய குவார்ட்டெட்டுகள் பாரிஸில் அச்சாகிவிட்டன. அதில் அவருக்குக் காசு வரவில்லை. கசிந்த வழி பெரும்பாலும் படியெடுப்பவர்தான். வியன்னாவில் அப்போது அச்சைவிடக் கைப்படிதான் அதிகம் விற்றது. கூலிக்குப் படியெடுப்பவர் தனக்கென்று இன்னொரு படி எழுதி வைத்துக்கொண்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மொசார்ட் இதற்கு அஞ்சி, தன் வீட்டில், தன் கண்ணெதிரே உட்காரவைத்தே புதிய கான்சர்ட்டோக்களை, அதாவது ஒரு தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை, படியெடுக்கச் செய்தார். 1784-இல் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார்.

ஹைடனின் பெயர் புகழடைந்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. பிறர் எழுதியதை ஹைடன் பெயர் போட்டு விற்றார்கள். பாரிஸில் 1777-இல் "ஓபஸ் 3" என்ற வெளியீட்டு வரிசை எண்ணோடு வந்த ஆறு குவார்ட்டெட்டுகள் அவருடையவை அல்ல என்பதே இன்று ஆய்வாளர்களின் கருத்து. ஹாஃப்ஸ்டெட்டர் என்ற துறவி எழுதியவையாகக் கருதப்படுகின்றன.

இந்த விதி எப்போது நீங்கியது?

1779 ஜனவரி 1-ஆம் தேதி கையெழுத்தான புதிய ஒப்பந்தத்தில். வெளியாருக்கு எழுதத் தடை, படி கொடுக்கத் தடை இரண்டும் அதில் இல்லை. நிக்கோலாஸின் ஆர்வம் அப்போது எஸ்தர்ஹாசா அரண்மனையின் ஓபரா அரங்குக்குத் திரும்பியிருந்தது. ஹைடனின் நேரத்தில் பெரும்பகுதி பிறர் எழுதிய ஓபராக்களைத் திருத்தி மேடையேற்றுவதில் போனது. குவார்ட்டெட்டும் சிம்பொனியும் வெளியே போவதை இளவரசர் பெரிதுபடுத்தவில்லை.

ஹைடன் நாள் கடத்தவில்லை. 1780-இல் வியன்னாவின் ஆர்த்தாரியா நிறுவனம் அவருடைய ஆறு பியானோ சொனாட்டாக்களை வெளியிட்டது. அரண்மனைச் சம்பளம் நிற்காமல் வந்துகொண்டிருக்க, அதன்மேல் அச்சு வருமானமும் சேர்ந்தது. அடுத்த பத்து ஆண்டுகள் அவர் இந்த இரண்டு கால்களில்தான் நின்றார்.

இசைத்தாளை எப்படி அச்சடித்தார்கள்? அதில் என்ன தவறு நேரும்?

எழுத்துக் கோத்து அடிக்கும் முறையும் இருந்தது. லைப்சிக்கின் பிரைட்கோப்ஃப் 1750-களில் அதை நன்றாகவே செம்மைப்படுத்தினார். ஆனால் லண்டன், பாரிஸ், வியன்னா பதிப்பாளர்கள் பெரும்பாலும் தகட்டில் செதுக்குவதையே விரும்பினார்கள்.

மெல்லிய உலோகத் தகடு. பெரும்பாலும் வெள்ளீயமும் ஈயமும் கலந்தது, செம்பைவிட மிருதுவானது. ஐந்து பல் கொண்ட கருவியால் இசை எழுதுவதற்கான ஐந்து கோடுகளை ஒரே இழுப்பில் போடுவார்கள். ஸ்வரத்தின் தலை, கோடுகளின் ஸ்வர நிலையைக் காட்டும் கிளெஃப் குறி, எழுத்து போன்றவற்றுக்குத் தனித்தனி எஃகு அச்சுகள் உண்டு. அவற்றை வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். வளைவுகளையும் இணைப்புக் கோடுகளையும் கையால் செதுக்க வேண்டும். எல்லாமே இடவலம் மாறிய கண்ணாடி பிம்பமாக! தவறினால் தகட்டின் பின்புறத்தைத் தட்டிச் சமப்படுத்திவிட்டு மறுபடி அடிக்கலாம். பிறகு மை தடவி, துடைத்து, உருளை அழுத்தியில் தாளோடு சேர்த்து ஓட்டினால் ஒரு பக்கம் தயார்.

பணக் கணக்கில் இந்த முறைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கோத்த எழுத்தைப் பிரித்து அடுத்த வேலைக்கு எடுத்தாக வேண்டும். அதனால் முதலிலேயே மொத்தமாக அச்சடித்துத் தாளில் முதலீட்டை முடக்க வேண்டியிருக்கும். தகட்டை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கொஞ்சம் படிகள் ஓட்டி, விற்றுத் தீர்ந்தால் மறுபடி ஓட்டலாம்.

தவறு நேர்வது இன்னோரிடத்தில். குவார்ட்டெட், சிம்பொனி எல்லாம் பெரும்பாலும் தனித்தனி வாத்தியப் பகுதிகளாகவே விற்கப்பட்டன. எல்லாப் பகுதிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும் முழுத்தாள் வராது. வாங்கியவர்கள் வீட்டில் வாசிக்கிறவர்கள், அவர்களுக்குத் தங்கள் பகுதி போதும். எனவே இரண்டாம் வயலின் தாளில் ஒரு ஸ்வரம் தப்பினால் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நாலு பேரும் சேர்ந்து வாசிக்கும்போதுதான் காதைக் கடிக்கும். மோசமான செதுக்கலையும் கண்ணில் அறையும் பிழைகளையும் குறித்து ஹைடன் 1785 டிசம்பரில் ஆர்த்தாரியாவுக்குக் கோபமாகவே எழுதினார்.

ஒரே படைப்பை ஹைடன் பலருக்கு விற்றார் என்கிறார்களே, அது மோசடி இல்லையா?

அன்றைய சட்டத்தில் பாதுகாப்பு எவ்வளவு இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவிலும் ஜெர்மன் நாடுகளிலும் இசையமைப்பாளருக்கென்று காப்புரிமை இல்லை. ஒரு படி அச்சில் வந்த மறுநாளே வேறு நாட்டுப் பதிப்பாளர் அதைப் பார்த்துத் தகடு செதுக்கலாம். பணம் தர வேண்டியதில்லை. பிரிட்டனில் 1710-ஆம் ஆண்டுச் சட்டம் நூலாசிரியருக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது. முடிவில் ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. அது இசைக்கும் பொருந்தும் என்பது 1777-இல்தான் உறுதியானது. லண்டனில் வாழ்ந்த யோஹான் கிறிஸ்டியன் பாக், லாங்மன் இசைப் பதிப்பு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு அப்படித் தீர்ப்பளித்தார்.

ஆக, இசையமைப்பாளர் காசாக்க முடிந்தது ஒன்றைத்தான்: முதல் படியை யார் கையில், எப்போது கொடுக்கிறோம் என்பது. ஓபஸ் 33 குவார்ட்டெட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். 1781 இறுதியில் ஹைடன் ஐரோப்பாவின் இசை ஆர்வலர்கள் பலருக்குக் கடிதம் எழுதினார். புத்தம் புதிய முறையில் எழுதிய ஆறு குவார்ட்டெட்டுகள், திருத்தமான கைப்படி, விலை 6 டுகாட். ஒரு டுகாட் சுமார் நாலரை குல்டன். அதாவது ஏறக்குறைய 27 குல்டன், அவருடைய முதல் ஆண்டுச் சம்பளத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. கொடுக்கிறவர் வாங்குவது ஸ்வரங்களை மட்டுமல்ல, "ஊரில் இது என்னிடம்தான் இருக்கிறது" என்ற சில மாதப் பெருமையையும்தான். அந்தப் பெருமை அடங்கிய பிறகு ஆர்த்தாரியா அச்சடிக்கும். இதுதான் திட்டம்.

ஆர்த்தாரியா பொறுக்கவில்லை. கைப்படிகள் எல்லோருக்கும் போய்ச் சேருவதற்குள், அச்சுப் பதிப்பு வரப்போவதாகப் பத்திரிகையில் அறிவித்துவிட்டது. 1782 ஜனவரியில் ஹைடன் எழுதிய பதில், தன் பெயருக்கும் வருமானத்துக்கும் நேர்ந்த சேதத்தைச் சொல்லிக் கொதிக்கிறது. கொதித்தாலும் உறவை முறிக்கவில்லை. அந்த வசந்தத்தில் அச்சுப் பதிப்பு வந்தது.

1787-இல் வழுக்கியது ஹைடன். ஓபஸ் 50-ஐ வியன்னாவில் ஆர்த்தாரியாவுக்கும் லண்டனில் ஃபார்ஸ்டர் என்ற பதிப்பாளருக்கும் விற்றார். ஆர்த்தாரியாவின் படிகளை லண்டனில் விற்றது லாங்மன் நிறுவனம். அதனால் ஒரே ஊரில் இரண்டு கடைகள், தங்களிடம் இருப்பதே உரிமையுள்ள படி என்று மோதின. நாடு வாரியாக உரிமையைப் பிரித்து விற்பது நியாயமான வழிதான். ஆனால் முதல் பதிப்பாளரிடம் அதைச் சொல்லாமல் விட்டது தவறு. ஹைடனை நேசிப்பவர்களும் இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

சந்தாக் கச்சேரி நடத்தினால் லாபம் வந்ததா?

வந்தது, சில ஆண்டுகளுக்கு. 1781-இல் சால்ஸ்பர்க் பேராயரிடம் வேலையை விட்டுவிட்டு வியன்னாவில் தங்கிய மொசார்ட்டின் கணக்கு கைவசம் இருக்கிறது. அவர் தேர்ந்தெடுத்த காலம் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். நாடக அரங்குகளில் வழக்கமான ஓபராவும் நாடகமும் நின்றிருக்கும். மாலைப்பொழுது காலியாக இருக்கும் பணக்காரர்கள் கச்சேரிக்கு வருவார்கள். 1784 மார்ச்சில் மூன்று புதன்கிழமைகள், டிராட்னர்ஹாஃப் கட்டடத்தின் கூடத்தில் மூன்று கச்சேரிகள். மூன்றுக்கும் சேர்த்துச் சந்தா 6 குல்டன். 174 பேர் சேர்ந்தார்கள். பட்டியலைப் பெருமையோடு தந்தைக்கு அனுப்பினார்.

174-ஐ 6-ஆல் பெருக்கினால் 1,044 குல்டன். சால்ஸ்பர்க்கில் ஆர்கன் வாசிப்பவராக அவர் வாங்கிய ஆண்டுச் சம்பளம் 450. ஆனால் 1,044 என்பது வசூல், வருமானம் அல்ல. கூடத்தின் வாடகை, வாத்தியக்காரர் கூலி, மெழுகுவர்த்தி, அச்சடித்த டிக்கெட், படியெடுப்புக் கூலி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். புதிய கான்சர்ட்டோவும் வேண்டும், பழையதை வாசித்தால் அதே 174 பேர் மறுபடி வரமாட்டார்கள். அந்த ஒரே ஆண்டில் மொசார்ட் ஆறு பியானோ கான்சர்ட்டோக்களை எழுதியதற்குப் பின்னால் இந்த நெருக்கடி இருந்தது.

பலவீனம் அந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. பெயர்களில் மிகப் பெரும்பாலானவை பிரபுக் குடும்பங்கள். ஒரு எஜமானுக்குப் பதில் 174 எஜமான்கள், அதுவும் ஒரே வட்டத்தில். 1788-இல் துருக்கியுடன் போர் தொடங்கியபின் அந்த வட்டம் சுருங்கிற்று. 1789-இல் மொசார்ட் மறுபடி சந்தாப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். இரண்டு வாரம் கழித்து அதில் இருந்தது ஒரே பெயர்: இசை ஆர்வலரான வான் ஸ்வீட்டன் பிரபு.

லண்டனில் மட்டும் எப்படி அவ்வளவு பணம் புரண்டது?

வியன்னாவில் இசைஞரே கூடம் பிடித்து, டிக்கெட் விற்று, நட்டத்தையும் சுமந்தார். லண்டனில் அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். காசு வாங்கிக் கச்சேரி கேட்கவைப்பது அங்கே 1672 முதலே நடந்து வந்த தொழில்.

1790 செப்டம்பரில் நிக்கோலாஸ் இறந்தார். வாரிசான அன்டன் வாத்தியக் குழுவைக் கலைத்துவிட்டு, ஹைடனுக்கு ஓய்வூதியம் தந்து விடுவித்தார். செய்தி கேட்டதும் லண்டனில் கச்சேரி நடத்தும் வயலின் கலைஞர் சாலமன் வியன்னாவுக்கே வந்து அழைத்தார். அவர் பேசிய தொகையைப் பிரித்துப் பாருங்கள்: காலினி என்ற அரங்க முதலாளிக்காக ஓர் ஓபரா, 300 பவுண்டு, ஆறு சிம்பொனிகள், 300, அதே ஆறு சிம்பொனிகளின் பதிப்புரிமை, 200, இருபது சிறு படைப்புகள், 200, ஹைடனின் பெயரில் ஒரு தனிக் கச்சேரி, குறைந்தது 200 நிச்சயம். மொத்தம் 1,200 பவுண்டு. வாசிக்க ஒரு விலை, அச்சிட ஒரு விலை என்று ஒரே தாளுக்கு இரண்டு முறை பணம் வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான்காவது விதி தடுத்தது இதைத்தான்.

கச்சேரிகள் ஹானோவர் சதுக்கத்துக் கூடத்தில் நடந்தன, 79 அடி நீளம், 32 அடி அகலம். வெள்ளிக்கிழமை தோறும் இரவு 8 மணி, பன்னிரண்டு கச்சேரிகளுக்குச் சந்தா 5 கினி. ஒரு கினி 21 ஷில்லிங். ஆக, ஒரு மாலைக்கு எட்டே முக்கால் ஷில்லிங். லண்டன் கூலித்தொழிலாளிக்கு வாரக் கூலியே ஏறக்குறைய அவ்வளவுதான். "பொதுக் கச்சேரி" என்ற சொல்லைக் கேட்டு எல்லோரும் நுழையலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

சிக்கல் தொடக்கத்திலேயே வந்தது. 1791 பிப்ரவரி 11-இல் தொடங்க வேண்டிய வரிசை மார்ச் 11-க்குத் தள்ளிப்போனது. முதன்மைப் பாடகர் காலினியின் ஓபரா அரங்குக்கு ஒப்பந்தமானவர். அங்கே பாடுவதற்கு முன் வேறு மேடையில் பாடக் கூடாது. அந்த அரங்குக்கு ஓபரா நடத்த உரிமமே கிடைக்கவில்லை. ஹைடனின் ஓபராவும் அந்த ஆண்டு மேடை ஏறவில்லை. அவர் உயிரோடிருந்தவரை ஏறவே இல்லை. ஆனாலும் பேசிய பணம் அவருக்கு வந்தது. நட்டத்தைச் சுமக்க வேறொருவர் இருந்தால் இசைஞருக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மே 16-இல் நடந்த தனிக் கச்சேரியில் நிச்சயித்த 200-க்குப் பதில் 350 பவுண்டு கிடைத்தது.

டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்காக இசையே மாறியதா?

மாறியது, காதால் கேட்டே உணரலாம். நிகழ்ச்சி இரண்டு பாதிகளாக இருக்கும், பலர் தாமதமாக வருவார்கள். அதனால் தன் புதிய சிம்பொனியை இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் வைக்கும்படி ஹைடன் ஏற்பாடு செய்துகொண்டார். அப்போதும் பேச்சு அடங்காது. லண்டனுக்காக எழுதிய பன்னிரண்டு சிம்பொனிகளில் பதினொன்று மெதுவான முன்னுரையோடு தொடங்குகின்றன, பல முதல் வீச்சிலேயே முழுக் குழுவின் முழக்கத்தோடு. கூடத்தை அமைதிப்படுத்த அந்த முழக்கம் நன்றாக உதவும். எஸ்தர்ஹாசாவில் இருபத்துச் சொச்சம் பேரோடு வேலை செய்தவருக்கு இங்கே சுமார் நாற்பது பேர் கிடைத்தார்கள்.

போட்டியும் இருந்தது. எதிர்க் கச்சேரிக் குழு 1792-இல் ஹைடனின் மாணவர் பிளேயெலையே வரவழைத்து நிறுத்தியது. அந்த மார்ச்சில் வந்த 94-ஆம் சிம்பொனியில், மெல்லப் போய்க்கொண்டிருக்கும் இரண்டாம் பகுதியில் திடீரென்று முழுக் குழுவும் ஓங்கி ஒரு அடி அடிக்கும். தூங்குகிறவர்களை எழுப்ப வைத்தது என்று கதை சொல்வார்கள். புதிதாக ஏதாவது செய்து கவனத்தைத் தன் பக்கம் இழுக்கவும், மாணவர் தன்னை முந்திவிடாமல் இருக்கவுமே அப்படிச் செய்ததாக ஹைடன் பிற்காலத்தில் விளக்கினார்.

அப்படியானால் பிரபுக்களின் பங்கு முடிந்துவிட்டதா?

இல்லை. 1795-இல் ஊர் திரும்பிய ஹைடன் மறுபடி எஸ்தர்ஹாசி குடும்பத்திடமே பணியில் இருந்தார். முக்கியக் கடமை ஆண்டுக்கு ஒரு திருப்பலி இசை. அவருடைய பெரிய படைப்பான "படைப்பு" என்ற ஓரட்டோரியோ, நடிப்பில்லாமல் பாடப்படும் சமயக் கதை. அதன் வரவைப் பார்த்தால் பிரபு, டிக்கெட், அச்சு ஆகிய மூன்று வழிகளும் ஒன்றாக ஓடுவது தெரியும். முதலில் வியன்னாப் பிரபுக்களின் சங்கம் ஒன்று 500 டுகாட் தந்து, செலவையும் ஏற்று, 1798 ஏப்ரலில் ஷ்வார்ட்சன்பர்க் அரண்மனையில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் அரங்கேற்றியது. அடுத்த மார்ச்சில் நகரின் அரசவை அரங்கில் டிக்கெட் விற்று நடத்தினார்கள்; வசூல் 4,000 குல்டனைத் தாண்டியது.

மூன்றாவது அச்சு. இம்முறை ஹைடன் எந்தப் பதிப்பாளரிடமும் கொடுக்கவில்லை. ஜெர்மன், ஆங்கிலம் இரு மொழி வரிகளோடு முழுத்தாளாகத் தானே வெளியிட முடிவெடுத்து, தானே கடிதம் எழுதிச் சந்தாதாரர் சேர்த்தார். 400 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 1800-இல் நூல் வந்தது, அவர்கள் பெயர்ப் பட்டியலோடு. படிகளைக் கட்டி அனுப்புவதும், வராத பணத்துக்கு நினைவூட்டுவதும் எழுபதை நெருங்கும் மனிதருக்குப் பெரும் பாரமாயிற்று. சில ஆண்டுகளில் செதுக்கிய தகடுகளை லைப்சிக்கின் பிரைட்கோப்ஃப் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்.